புரோட்டின் பவுடர் குடித்தால் கிட்னி போய்விடுமா? பதில் இரண்டு பரிசோதனைகளில் இருக்கிறது

சிரம்பான்: நெகிரி செம்பிலானில் தோட்டப்புற வீடு ஒன்றில் தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில் பெரிய கறுப்பு டப்பா ஒன்று இருந்தால், அந்த வீட்டில் ஜிம்முக்குப் போகும் பையன் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பகாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன், சிரம்பான் என்று பக்கத்து டவுனுக்குப் போய்ப் பயிற்சி செய்கிறார்கள். வீடு திரும்பியதும் இரண்டு கரண்டி பவுடரைக் கலக்கிக் குடிக்கிறார்கள். "டேய், இதக் குடிச்சா கிட்னி போயிரும்டா" என்று அம்மா சொல்வார். "அதெல்லாம் பொய்ம்மா, வீடியோவுல டாக்டரே சொல்றாரு" என்று மகன் சொல்வார்.

இந்த வாக்குவாதத்தில் இருவர் பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை அதிகப் புரதம் கெடுக்கிறது என்பதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பாதிப்பு தொடங்கிவிட்ட சிறுநீரகத்தின் கதை வேறு. அதற்கு அதிகப் புரதம் சுமையாகலாம். நம்முடையது இவற்றில் எந்த வகை என்பது உடம்பைப் பார்த்தோ வலியை வைத்தோ தெரியாது. ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்தால்தான் தெரியும். அந்தப் பரிசோதனை மகனைவிட அம்மாவுக்கே அவசரமாகத் தேவைப்படலாம். அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

சிறுநீரகத்துக்கும் புரதத்துக்கும் என்ன தொடர்பு?

நாம் சாப்பிடும் கோழி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றில் உள்ள புரதத்தை உடல் உடைத்துத் தசைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பயன்படுத்துகிறது. தேவைக்கு மேல் வரும் புரதத்தை அப்படியே சேர்த்துவைக்க உடலில் இடமில்லை. அதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியா என்ற கழிவாக மாற்றுகிறது. அந்த யூரியாவைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. புரதம் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு இவை வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்கின்றன. அம்மாக்களின் பயத்துக்கு அறிவியல் அடிப்படை தந்தது இந்த வேகம்தான். ஓய்வில்லாமல் வேகமாக ஓடும் வடிகட்டிகள் நாளடைவில் தேய்ந்துவிடும் என்ற கருத்தை 1982ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் பேரி பிரென்னரும் அவருடைய சகாக்களும் முன்வைத்தார்கள். எலிகளில் நடந்த ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன. அன்று முதல் "அதிகப் புரதம் சிறுநீரகத்துக்கு ஆகாது" என்ற எச்சரிக்கை உலகம் முழுவதும் பரவியது.

ஆனால் மனிதர்களிடம் சோதித்தபோது கதை அவ்வளவு நேராக இல்லை. வேகமாக வேலை செய்வது வேறு, கெட்டுப்போவது வேறு. மாடி ஏறும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதனால் இதயம் பழுதாகிவிட்டது என்று நாம் சொல்வதில்லை. நல்ல நிலையிலுள்ள சிறுநீரகத்தில் சாப்பாட்டுக்குப் பின் வரும் வேகத்தையும் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ஆய்வுகள் காட்டின.

மூன்று ஆய்வுகள் சொல்வது என்ன?

முதலாவது, 2003இல் வெளியான அமெரிக்கத் தாதியர் ஆய்வு. 42 முதல் 68 வயது வரையிலான 1,624 பெண்களின் சிறுநீரகச் செயல்பாடு 11 ஆண்டு இடைவெளியில் ஒப்பிடப்பட்டது. தொடக்கத்தில் சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களிடம் அதிகப் புரதம் சாப்பிட்டதால் கூடுதல் சரிவு எதுவும் தெரியவில்லை. தொடக்கத்திலேயே செயல்பாடு சற்றுக் குறைந்திருந்த பெண்களில், கூடுதலாகப் புரதம் சாப்பிட்டவர்களுக்குச் சரிவு வேகமாக இருந்தது. பால் தவிர்த்த மற்ற அசைவப் புரதத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஆய்வில் அம்மா சொன்னதும் மகன் சொன்னதும் சேர்ந்தே கிடைத்தன.

இரண்டாவது, 2018இல் வெளியான தொகுப்பாய்வு. ஆரோக்கியமானவர்களுக்கு அதிகப் புரத உணவும் வழக்கமான புரத உணவும் கொடுத்து ஒப்பிட்ட 28 கட்டுரைகளை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 1,300 பேர். இரு பிரிவினருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டில் ஏற்பட்ட மாற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இப்படிப்பட்ட சோதனைகள் சில வாரங்களோ மாதங்களோதான் நடக்கும். இருபது ஆண்டுகள் தினமும் அதிகப் புரதம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவை பதில் சொல்லாது.

மூன்றாவது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. சிங்கப்பூரில் 45 முதல் 74 வயது வரையிலான 63,257 சீனர்களைச் சராசரியாக 15 ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். சிவப்பு இறைச்சியை மிக அதிகமாகச் சாப்பிட்ட கால்பங்கினருக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இறுதிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகமாக இருந்தது. கோழி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் அப்படி எந்தத் தொடர்பும் காணப்படவில்லை. அந்த ஆய்வில் சிவப்பு இறைச்சி என்பது பெரும்பாலும் பன்றி இறைச்சி. ஆகவே நம் வீட்டு ஆட்டிறைச்சிக் குழம்புக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. ஆனாலும் புரதத்தின் அளவோடு அது எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம் என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

எவ்வளவு என்றால் "அதிகம்"?

மலேசியாவில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம். கடினமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு விளையாட்டு மருத்துவ அமைப்புகள் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை போதும் என்கின்றன. 70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞருக்குச் சாதாரணத் தேவை 70 கிராம், பயிற்சி செய்தால் உச்சம் 140 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அவருடைய ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் பருப்புக் கறியோடு இரண்டு ரொட்டி சானாய்: சுமார் 15 கிராம். மதியம் சோறு, உள்ளங்கை அளவில் 100 கிராம் கோழிக்கறி, கொஞ்சம் சாம்பார்: சுமார் 40 கிராம். மாலையில் இரண்டு அவித்த முட்டை: 12 கிராம். இரவில் சோறும் இரண்டு கெம்போங் மீனும்: சுமார் 28 கிராம். கூட்டினால் 95 கிராம் வருகிறது.

பவுடரைத் தொடாமலே அவர் கிலோவுக்கு 1.3 கிராமைத் தாண்டிவிட்டார். வழக்கமான ஒரு கரண்டி பவுடரில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கும். ஒரு கரண்டி சேர்த்தால் 119 கிராம் ஆகிறது. இரண்டு கரண்டியில் 143 கிராம், அதாவது மேல் எல்லையையே தொட்டுவிட்டார். மூன்று கரண்டி என்றால் 167 கிராம், கிலோவுக்கு 2.4 கிராம். அந்த மூன்றாவது கரண்டி தசையாக மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. அதில் பெரும்பகுதி யூரியாவாக மாறிச் சிறுநீரில் போகும், அல்லது சக்தியாக எரிந்துவிடும். பவுடருக்குக் கொடுத்த காசும் அதோடு போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன கணக்கு ஆரோக்கியமான இளைஞருக்கு மட்டுமே பொருந்தும். பல வீடுகளில் அந்த டப்பா மகனோடு நிற்பதில்லை. "அப்பா ரொம்ப இளைச்சிட்டாரு", "அம்மாவுக்குச் சத்து இல்ல" என்று சொல்லி, நீரிழிவு உள்ள பெற்றோருக்கும் அதே பவுடரைக் கலக்கிக் கொடுக்கிறார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

அந்த இரண்டு பரிசோதனைகள்

முதல் பரிசோதனை ரத்தத்தில் கிரியாட்டினின். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் அதைத் தொடர்ந்து வெளியேற்ற வேண்டும். ரத்தத்தில் அது கூடினால் வடிகட்டும் வேலை குறைந்திருக்கலாம் என்று பொருள். கிரியாட்டினின் அளவோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைத் தருகிறார்கள். 90க்கு மேல் இருந்தால் நல்லது. 60 முதல் 89 வரை இருந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. 60க்குக் கீழ் இறங்கி மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய்.

இரண்டாவது பரிசோதனை சிறுநீரில் அல்புமின். அல்புமின் என்பது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். வடிகட்டி நன்றாக இருந்தால் அது சிறுநீருக்குள் வராது. வடிகட்டியில் சேதம் தொடங்கும்போது சிறிது சிறிதாகக் கசிய ஆரம்பிக்கும். சிறுநீரில் உள்ள அல்புமினைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு ஒரு விகிதமாகத் தருகிறார்கள். கிளினிக்கில் இதை யூரின் ஏசிஆர் என்பார்கள். ஒரு மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சரி. 3 முதல் 30 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 30க்கு மேல் என்றால் கசிவு கடுமையாகிவிட்டது.

நிறம் மாறும் குச்சியைச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனையில் தொடக்கக் கசிவு பெரும்பாலும் தெரியாது. ஆகவே "யூரின் டெஸ்ட் எடுத்தேன், ஒன்றும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், எந்தச் சோதனை என்று கேட்பது நல்லது.

நோய் முற்றும் வரை உடம்பு பெரும்பாலும் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை என்பதால்தான் இந்த இரண்டும் தேவைப்படுகின்றன. இடுப்பு வலி பெரும்பாலும் தசையிலிருந்து வருவது, சிறுநீரக நோயின் அடையாளம் அல்ல. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் வரும்போது பல நேரங்களில் செயல்பாட்டின் பெரும்பகுதி போயிருக்கும். மலேசியாவில் பெரியவர்களிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் 2011இல் சுமார் 9 விழுக்காடாக இருந்தது. 2018ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் அது 15 விழுக்காட்டைத் தாண்டியது. நோய் இருந்தவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர்கள் நூறில் ஐந்து பேர் மட்டுமே.

அம்மாவின் ரிப்போர்ட்டும் மகனின் ரிப்போர்ட்டும்

இரண்டு பரிசோதனையும் ஏன் சேர்ந்தே வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். இது புரிதலுக்காக அமைத்த கணக்கு, குறிப்பிட்ட யாருடைய ரிப்போர்ட்டும் அல்ல.

அம்மாவுக்கு வயது 45. எட்டு ஆண்டுகளாக இனிப்பு நீர். உடம்பில் வேறு தொந்தரவு இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் 68 மைக்ரோமோல். கணக்கிட்டால் இஜிஎஃப்ஆர் 90க்கு மேல் வருகிறது. ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சிறுநீரில் அல்புமின் விகிதம் 12. ரத்தத்தில் எதுவும் தெரியாத நிலையிலேயே வடிகட்டியில் கசிவு தொடங்கிவிட்டது. நீரிழிவால் வரும் சிறுநீரக பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் சிறுநீரில் முதலில் தலைகாட்டும்.

ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யமாட்டார்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முதல் நாள் கடும் உழைப்பு ஆகியவற்றாலும் அல்புமின் தற்காலிகமாகக் கூடும். அதனால் அடுத்த சில மாதங்களில் மீண்டும் எடுப்பார்கள். மூன்றில் இரண்டு முறை கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

உறுதியானால் அவருக்குச் செய்யக்கூடியது நிறைய உண்டு. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். அல்புமின் கசிவைக் குறைக்கும் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மருத்துவர் தொடங்கலாம். ரத்த அழுத்தம் அதிகமில்லாவிட்டாலும் சிலருக்குச் சிறுநீரகத்தைக் காக்கவே அந்த மாத்திரையைக் கொடுப்பதுண்டு. "எனக்குத்தான் பிரஷர் இல்லையே" என்று அதை நிறுத்திவிடக் கூடாது. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளையும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களையும் நிறுத்தச் சொல்வார்கள்.

புரதத்தைப் பொறுத்தவரை, நோய் முற்றக்கூடிய நிலையில் உள்ளவர்கள் கிலோவுக்கு 1.3 கிராமைத் தாண்டும் அதிகப் புரத உணவைத் தவிர்க்க வேண்டும் என்பது அனைத்துலகச் சிறுநீரக வழிகாட்டி 2024இல் சொன்னது. இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் இறங்கியவர்களுக்கு அது கூறும் அளவு கிலோவுக்கு 0.8 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஒரு துண்டு கோழி, ஒரு முட்டை, சோறு, பருப்பு என்று சாப்பிட்டாலே அந்த அளவை எட்டிவிடலாம். ஆகவே மகனின் பவுடர் இவருக்கு வேண்டாம். அதே நேரம் பயந்துபோய் மீனையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிட்டு வெறும் சோறும் ஊறுகாயுமாகச் சாப்பிடுவதும் தவறு. அப்படிச் செய்தால் சர்க்கரை ஏறும், தசை கரையும். அளவை மருத்துவமனையின் உணவியல் அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்வதே சரி.

அடுத்து மகன். வயது 28, தசை நிறைந்த உடம்பு. பவுடரோடு கிரியாட்டின் என்ற இன்னொரு சத்துப் பொருளும் எடுக்கிறார். முதல் நாள் இரவு கடும் பயிற்சி. அதன்பின் நிறைய இறைச்சி சாப்பிட்டார். மறுநாள் காலை ரத்தம் கொடுத்தார். கிரியாட்டினின் 118 மைக்ரோமோல் வந்தது, இஜிஎஃப்ஆர் 70க்குச் சற்று மேல். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி. வீடே கலங்கிப்போகிறது.

ஆனால் அவருடைய சிறுநீரில் அல்புமின் விகிதம் 1. வடிகட்டியில் கசிவு இல்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. தசை அதிகமுள்ளவரிடம் கிரியாட்டினின் இயல்பாகவே கூடுதலாக உண்டாகும். கிரியாட்டின் எடுத்தால் அது உடலில் கிரியாட்டினினாக மாறும். சமைத்த இறைச்சியும் சில மணி நேரத்துக்கு அளவை ஏற்றும். உடலில் நீர் குறைந்தாலும் ஏறும். இந்தக் கடைசிக் காரணம் வெயிலில் குலை வெட்டிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் நேராகக் கிளினிக்குக்கு வரும் தோட்டத் தொழிலாளருக்கும் பொருந்தும்.

அவர் செய்ய வேண்டியது, தான் எடுக்கும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்வது. கிரியாட்டினை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, சோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் பயிற்சியைத் தவிர்த்து, முந்தைய இரவு இறைச்சி சாப்பிடாமல், வழக்கம்போல் தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டும். அப்போது கிரியாட்டினின் 100 வந்தால் இஜிஎஃப்ஆர் 90ஐ ஒட்டி இருக்கும். சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பிறகும் எண் கீழேயே நின்றால், தசையின் அளவு அவ்வளவாகப் பாதிக்காத சிஸ்டாட்டின்-சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனையை மருத்துவர் கேட்கலாம். மறு பரிசோதனையிலும் எண் குறைந்தே இருந்தால் "ஜிம் போறதால அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

யார், எப்போது எடுக்க வேண்டும்?

நாட்பட்ட சிறுநீரக நோய் குறித்த மலேசிய மருத்துவ வழிகாட்டி, நீரிழிவு உள்ளவர்களும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் எடுக்க வேண்டும் என்கிறது. பெரியவர்களுக்கு வரும் வழக்கமான நீரிழிவு என்றால், அது கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே முதல் சோதனையை எடுத்துவிட வேண்டும். பலருக்கு அது தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும்.

அடுத்த வரிசையில் இவர்கள் வருகிறார்கள்: 65 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகச் செயலிழப்பு இருப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், வலி மாத்திரைகளை நீண்டகாலம் சாப்பிட்டவர்கள். இவர்களில் யாராவது அதிகப் புரத உணவைத் தொடங்க நினைத்தால், பவுடரை வாங்கும் முன் இரண்டு சோதனைகளையும் எடுத்துவிட வேண்டும்.

இவை எதுவுமே இல்லாத இளைஞர் சோதனை எடுத்தே ஆக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லவில்லை. ஆனால் நம் சமூகத்தில் "எனக்கு எதுவும் இல்லை" என்று நம்பிக்கையாகச் சொல்வது கடினம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். தங்களுக்கு நீரிழிவு இருப்பதே தெரியாதவர்களும் அதில் அடக்கம். எனவே அதிகப் புரதத்தைத் தொடங்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் நான்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயமான ஏற்பாடு. எல்லாம் சரியாக இருந்தால் மாதாமாதம் ஓடி ஓடி எடுக்க வேண்டியதில்லை.

சோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வலி தாங்க முடியாமல், சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருளாக இருக்கலாம். நீண்ட நாள் இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்பவர்களுக்கு இது வரும். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம், முகமோ காலோ வீங்குவது, சிறுநீர் திடீரெனக் குறைவது ஆகியவற்றுக்கும் தாமதம் கூடாது. சிறுநீரில் நுரை ஒருநாள் மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாள்தோறும் நுரை அடங்காமல் நின்றால் அல்புமின் சோதனை எடுக்கலாம்.

எங்கே எடுப்பது?

குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே அங்கே மருந்து எடுப்பவர்கள், தங்கள் புத்தகத்தில் கடைசியாக எப்போது சிறுநீர் அல்புமின் எழுதப்பட்டது என்று பார்க்கலாம். ஓராண்டைத் தாண்டியிருந்தால் அடுத்த சந்திப்பில் கேட்கலாம். 40 வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. 40 வயதை எட்டிய சொக்சோ சந்தாதாரர்களுக்கும் தனிப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. இவற்றின்கீழ் போகும்போது எந்தச் சிறுநீர்ச் சோதனை செய்யப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டிய சொற்கள் இரண்டு: ரத்தத்துக்கு "ரீனல் புரொஃபைல்", சிறுநீருக்கு "யூரின் ஏசிஆர்". சிறுநீரைக் காலையில் எழுந்ததும் முதலில் போவதிலிருந்து எடுத்துக் கொடுப்பது நல்லது. சாப்பிடும் மாத்திரைகள், நாட்டு மருந்து, புரோட்டின் பவுடர், கிரியாட்டின் ஆகியவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதியோ டப்பாவின் லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்தோ கொண்டுபோங்கள். ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் எண்ணை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சிறுநீரக நோயை ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை, ஆண்டுக்கு ஆண்டு அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.